தட்டச்சுத் தேர்வுப் பயிற்சி

தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தமிழ், ஆங்கிலத் தட்டச்சுச் சான்றிதழ்த் தேர்வுகளுக்கான ஆயத்தம். ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் வேகம் வேண்டும். ஐந்து தட்டு ஒரு சொல் என்பதால், இளநிலைத் தேர்வர் பத்து நிமிடத்தில் 1,500 தட்டுகளை முடிக்க வேண்டும். பிழைக்கு மதிப்பெண் குறைவதால் வேகத்துக்கு முன் துல்லியமே தேவை. வேகம் வந்தால் பிழை தானே குறையும் என்பார்கள். ஆனால் தவறான விரலும் வேகத்தோடு சேர்ந்து பழகிவிடும். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு: புள்ளி விசை தாளை நகர்த்தாது, அதை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்ட வேண்டும். வரிசை மாறினால் புள்ளி அடுத்த எழுத்தின் மேல் விழும். எனவே வாரத்தில் முதல் மூன்று நாள் பிழைபட்ட சொற்களை மெதுவாகவும், அடுத்த இரண்டு நாள் முழுப் பத்தியையும், ஆறாம் நாள் கடிகாரம் வைத்தும் அடிப்பது பொருத்தம்.