ஒருபக்கக் காது இரைச்சலும் கேட்டல் குறைவும்

வெளியே ஒலி எதுவும் இல்லாதபோது ஒரு காதில் மட்டும் இரைச்சலோ கூவலோ கேட்பதும், அதே காது மந்தமாவதும் சேர்ந்து வரும் நிலை இது. இரு காதும் ஒன்றாக இரைந்தால் பெரும்பாலும் முதுமையோ நெடுநாள் சத்தமோ காரணம். ஒரு பக்கம் மட்டும் என்றால், அந்தக் காதிலோ அதன் நரம்பிலோ காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே உள்ள செட்டிபாளையத்தில், ஒருவர் முழுகி வந்ததும் இடது காது அடைத்து இரைகிறது என்று வைத்துக்கொள்வோம். காதுக்குறும்பி நீரில் ஊதி வழியை அடைத்திருக்கலாம். அதை எடுத்தால் தீரும். இன்னொருவருக்கு முழுக்கும் இல்லை, தடிமனும் இல்லை; காலையில் எழும்போதே அதே அடைப்பு, அதே இரைச்சல். இருவரும் சொல்வது ஒன்றுதான் என்பதால், இரண்டாமவரும் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பே ஆபத்து.

இருவரையும் பிரித்தறிய, வைத்தியர் முதலில் காதுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்ப்பார். பிறகு 512 ஹேர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைப்பார். ஒலி மந்தமான காதுப் பக்கம் கேட்டால், குறும்பி, நடுக்காது நீர், செவிச்சிற்றென்பு இறுக்கம் போன்ற தடை வழியில் உள்ளது. நல்ல காதுப் பக்கம் கேட்டால், கோளாறு உட்காதிலோ நரம்பிலோ உள்ளது. வாயை மூடி முனகிப் பார்த்தாலும் இந்த வேறுபாடு ஓரளவு தெரியும். ஆனால் இவை குறிப்பு மட்டுமே. கேட்டல் அளவீடுதான் உறுதி செய்யும்.

இரண்டாமவருக்கு ஒலி நல்ல காதுக்குப் போகிறது. அளவீட்டில், 72 மணித்தியாலத்துக்குள் அடுத்தடுத்த மூன்று மீடிறன்களில் 30 டெசிபலோ அதற்கு மேலோ குறைந்திருந்தால், அது திடீர் நரம்புச் செவிடு. பெரும்பாலானோரில் காரணம் கண்டுபிடிக்கப்படுவதில்லை. வைத்தியர் நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றைக் கேட்டறிந்து ஸ்டீரொயிட் தொடங்குவார். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். தள்ளிப்போகப் போக அது குறையும். ஆகவே கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மருந்தால் கேட்டல் மீண்டாலும் எம்.ஆர்.ஐ. எடுப்பது வழக்கம். சமநிலை நரம்பின் உறையில் வளரும் தீங்கற்ற கட்டி ஒன்று சிலருக்கு இப்படித் திடீரென வெளிப்படும்; மற்றவர்களுக்குக் கேட்டல் மெல்ல மெல்லக் குறையும். தொலைபேசியில் ஒலி கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை என்பது அதன் பழகிய முறைப்பாடு. கட்டி சிறிதாக இருந்தால் உடனே வெட்டுவதில்லை. குறித்த இடைவெளிகளில் மீண்டும் படமெடுத்துக் கவனிப்பார்கள்.

தலைச்சுற்று 20 நிமிடத்திலிருந்து சில மணித்தியாலம் வரை அலையலையாக வந்து, காதும் கனத்தால் மெனியர் நோயை நினைக்க வேண்டும். இரைச்சல் நாடித்துடிப்போடு ஒத்துப்போனால் இரத்தக்குழாய்களைத் தேடுவார்கள். வளர்ந்தவரின் ஒரு காதில் மட்டும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி நின்றால், மூக்கின் பின்புறத்தையும் குழாய்க் கமரா விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வளரும் புற்றுநோய் காதடைப்பாகவே முதலில் தெரியவரலாம்.