மிதுன ராசிக்கு ஆஸ்பிரின் ஆகாது!

எங்கள் வங்கியில் ஒரு இளைஞர் வாராக்கடன் கணக்குகளை எக்செல்லில் அலசி, நாற்பது பத்திகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, "சார், இரண்டு பத்தி மாட்டிக்கிச்சு" என்று வந்து நின்றார். ஒன்று, கணக்கு துவங்கிய கிழமை! அவருக்கு நான் சொன்ன கதை இது.

1988-ல் லான்செட் இதழில் ஐசிஸ்-2 என்ற ஆய்வு வெளியானது. மாரடைப்பு வந்த 17,187 பேரில் பாதிப் பேருக்கு ஒரு மாதம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய்க் கோளாறால் இறந்தவர்கள், ஆஸ்பிரின் பக்கம் 804, மறுபக்கம் 1016. சந்தேகத்துக்கு இடமில்லாத பலன்.

வயது, பழைய நோய் என்று நோயாளிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்று காட்ட, ஆய்வாளர்கள் குறும்பாக ராசிவாரியாகவும் பிரித்தார்கள். (மேலைநாட்டு ராசி. பிறந்த தேதியை வைத்துச் சொல்வது, நம் நட்சத்திரக் கணக்கு அல்ல.) மிதுனம், துலாம் இரண்டிலும் சேர்த்து ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 150 பேர், சாப்பிடாதவர்களில் 147 பேர் இறந்திருந்தார்கள். சதவீதமாகப் பார்த்தால் ஆஸ்பிரின் கொஞ்சம் கெடுதல்! மற்ற பத்து ராசிக்கும் 28 சதவீதம் நன்மை.

இந்த வித்தியாசத்தைத் தனியாகச் சோதித்தால், தற்செயலாக வர நூற்றில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு என்றே கணக்கு சொல்லும். ஆனால் அந்த இரண்டு ராசிகளை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. பன்னிரண்டையும் பார்த்தபின் மோசமானவற்றைப் பொறுக்கிச் சேர்த்தது. பன்னிரண்டில் இரண்டைச் சேர்க்க 66 வழி உண்டு. அத்தனை வழியில் நூற்றுக்கு ஒன்று தட்டுப்படுவதில் என்ன அதிசயம்?

பிரெஞ்சுக்காரர் கூர்னோ இதை 1843-லேயே எழுதிவிட்டார். ஆண், பெண் பிறப்பு விகிதத்தைப் பெற்றோரின் தொழில், மதம், பிறந்த பருவம் என்று எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். எங்கேயாவது வித்தியாசம் வரும். அதற்கு முன் எத்தனை விதமாகப் பிரித்துப் பார்த்தார்கள் என்பது வாசகனுக்குத் தெரியாது என்பது அவர் கவலை. தணிக்கைக்கு வரும் கிளையில் நல்ல ஃபைல்களை மட்டும் மேஜையில் வைப்பார்களே, அந்த மாதிரி :-)

மருந்தும் எளிது. 5 சதவீத வரம்பைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவது. இத்தாலியர் பான்ஃபெரோனி 1936-ல் எழுதிய சமனின்மையிலிருந்து வந்த வழி இது. 66 ஜோடி என்றால் வரம்பு 0.076 சதவீதம், மிதுனமும் துலாமும் அதைத் தாண்டாது. ஆனால் இது கறாரான வாத்தியார், உண்மையான சங்கதியையும் ஃபெயிலாக்கிவிடுவார். அதனால் 1995-ல் பெஞ்சமினி, ஹாக்பெர்க் இருவரும், பாஸ் ஆனவற்றில் போலி எத்தனை சதவீதம் இருக்கலாம் என்று வரம்பு கட்டும் வழியைச் சொன்னார்கள்.

நம்ம பையன் விஷயத்தில், நாற்பது பத்தியிலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் 5 சதவீதப்படி சராசரியாக இரண்டு மாட்டும். அவருக்குக் கிடைத்ததும் இரண்டு. அடுத்த ஆண்டுக் கணக்குகளில் அந்த இரண்டை மட்டும் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கிழமை மறுபடி வருகிறதா பார்ப்போம்.