குரல் வெட்டுப்படுவது எங்கே? ஒரு சிறு அலுவலகத்தின் இணையத் தொலைபேசிகள்

வவுனியாவில் நான் அடிக்கடி போய்வரும் ஒரு சிறிய சட்ட உதவி அலுவலகத்தில் நான்கு இணையத் தொலைபேசிகள் இருக்கின்றன. பிள்ளைகளைத் தேடும் தாய்மார் அவற்றுக்கு அழைத்து விபரம் சொல்வார்கள். எழுதியதை ஊழியர் திருப்பி வாசித்து உறுதிப்படுத்துவார். ஒருநாள் கைதவறி 27ஆம் திகதி என்று எழுதிவிட்டு "இருபத்தேழு" என வாசித்தார். மறுமுனைக்கு "ஏழு" மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. உண்மையான திகதியும் 7 என்பதால் அந்த அம்மா "ஓம் தம்பி" என்றார். பிழையான திகதியே கோவையில் ஏறியது.

இணைப்பு போதாது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். G.711 முறையில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 90 கிலோபிட் போதும். நான்கு அழைப்புகளும் சேர்ந்தால் அரை மெகாபிட் கூட வராது. அலுவலகத்தின் பதிவேற்ற வேகமோ 5 மெகாபிட்.

கோளாறு வேகத்தில் இல்லை, ஒழுங்கில் இருந்தது. தொலைபேசி நம் குரலை 20 மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டி, செக்கனுக்கு 50 பொதிகள் அனுப்புகிறது. அவை சீரான இடைவெளியில் போய்ச்சேர வேண்டும். அந்த இடைவெளி கூடிக்குறைவதையே ஜிட்டர் என்கிறார்கள். மறுமுனைத் தொலைபேசி சிறிது நேரம் காத்திருந்து ஒலிக்கும். அதற்கும் பிந்தி வரும் பொதியை வீசிவிடும். அந்த இடத்தில்தான் குரல் வெட்டுப்படுகிறது.

வலையமைப்பு வேலை தெரிந்த ஒரு தம்பியுடன் உட்கார்ந்து சோதித்தேன். விண்டோஸ் கணினியில் முதலில் இரண்டு கட்டளைகள்:

```
ping -n 50 192.168.1.1
ping -n 50 8.8.8.8
```

முதலாவது நமது ரவுட்டர் வரைக்கும், இரண்டாவது வெளி இணையம் வரைக்கும் போய்த் திரும்பும் நேரத்தைக் காட்டும். ரவுட்டருக்கான நேரமே தளம்பினால் கோளாறு வைஃபையில் அல்லது கேபிளில். எங்களுக்கு அது எப்போதும் 1 மில்லிசெக்கன். வெளியே 40 அளவில் நின்றது. ஆனால் பக்கத்து மேசையில் ஸ்கான் செய்த ஆவணங்களைப் பதிவேற்றத் தொடங்கியதும் 600ஐத் தாண்டியது. பெரிய கோப்பு மோடத்தின் வாசலில் வரிசை கட்ட, குரல் பொதிகள் அதன் பின்னால் நின்றன. அதனால்தான் அழைத்தவர் பேசுவது எங்களுக்குத் தெளிவாகவும் நாங்கள் பேசுவது அவருக்கு வெட்டியும் கேட்டது.

அழைப்பொன்றை ரவுட்டரில் பதிந்து வயர்ஷார்க்கில் திறந்தோம். எங்கள் தொலைபேசியின் பொதிகள் சீராகவே புறப்பட்டிருந்தன. மறுமுனை திருப்பி அனுப்பும் RTCP அறிக்கையில் ஜிட்டர் 480 என்றிருந்தது. G.711க்கு அதை 8ஆல் வகுக்க வேண்டும்: 60 மில்லிசெக்கன். பொதுவாக 30க்குக் கீழே இருந்தால் நல்லது.

குரல் பொதிகளுக்கு அடையாளம் இடுவதே அடுத்த வேலை. தொலைபேசியின் அமைப்புப் பக்கத்தில் குரலுக்கான DSCP பெறுமதியை 46 ஆக்கினோம். "இது அவசரம்" என்று பொதியின் தலைப்பில் குத்தும் முத்திரை அது. பொதிகளில் அது பதிந்திருப்பதை வயர்ஷார்க்கில் இந்த வடிகட்டி காட்டியது:

```
ip.dsfield.dscp == 46
```

ஆனால் குரல் வெட்டுப்படுவது நிற்கவில்லை. பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். வரிசை நின்றது மோடத்தில். அந்த மோடமோ முத்திரையை வாசிப்பதில்லை. வாசிக்கத் தெரிந்த நமது ரவுட்டருக்கு வரிசையைக் கொண்டுவர வேண்டும். அதற்கு ரவுட்டரின் வெளியேறும் வேகத்தை இணைப்பின் உண்மையான வேகத்திலும் சற்றுக் குறைக்க வேண்டும். எங்கள் ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி இருந்ததால், 5 மெகாபிட்டில் பத்திலொன்று கழித்து இப்படிக் கொடுத்தோம்:

```
tc qdisc replace dev eth1 root cake bandwidth 4500kbit diffserv4
```

eth1 என்பது மோடத்துக்குப் போகும் வாசல். உங்கள் ரவுட்டரில் அதற்கு வேறு பெயர் இருக்கலாம். ரவுட்டரை மீளத் தொடக்கினால் இந்தக் கட்டளை அழிந்துவிடும். SQM பொதியில் அதே அளவைப் பதிந்தால் நிலைக்கும்.

அதே கோப்பைப் பதிவேற்றியபடி மறுபடி சோதித்தோம். வெளி இணையத்துக்கான நேரம் 50 அளவில் நின்றது. RTCP அறிக்கையில் ஜிட்டர் 64, அதாவது 8 மில்லிசெக்கன். பதிவேற்றம் சற்று மெதுவானதை யாரும் கவனிக்கவில்லை.

இதற்கு எல்லைகளும் உண்டு. நமது ரவுட்டரைத் தாண்டினால் இணைய நிறுவனம் அந்த முத்திரையை மதிக்க வேண்டியதில்லை, அழித்தும் விடலாம். 4ஜி இணைப்பில் வேகமே மணிக்கு மணி மாறும். அங்கே பத்திலொன்று கழித்தால் போதாது, மாலை நெரிசலில் கிடைக்கும் வேகத்தை அளந்து அதற்குக் கீழே கட்ட வேண்டும். மறுமுனையின் குரல் நமக்கு வெட்டிக் கேட்டால், உள்வரும் வேகத்தையும் SQM இல் அதேபோல் குறைத்துப் பார்க்கலாம்.

அந்தத் திகதியைத் திருத்த ஊழியர் அந்த அம்மாவுக்கு மீண்டும் அழைத்தார். இம்முறை "ஏழாம் திகதி" என்று முழுதாகப் போய்ச் சேர்ந்தது. பதிவேற்றம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.