செந்திலா, செந்தூரா? பெருமாநல்லூர்ப் பட்டியல்களில் பெயர்ப் பொருத்தத்தின் வரலாறு

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளின் பெயர்களை இரண்டு வணிகத் தளங்களிலிருந்து திரட்டினால், ஒரே நிறுவனம் இருவேறு எழுத்துகளில் வந்து நிற்கும். ஊர்ப்பெயரே அப்படித்தான்: Perumanallur, Perumanalur, Perumanalloor. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் ஆணை வெளியிட்டது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத ஒரே வழி இன்றுவரை அமையவில்லை. இந்த நிலையில் எந்த ஒப்பீட்டு முறை உதவும் என்பதை, அந்த முறைகள் பிறந்த காரணங்களிலிருந்தே ஆராய வேண்டும்.

முதலில் வந்தது ஒலிவழி. ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை, பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற மெய்யெழுத்துகளை ஒலிக்குழுவுக்கு ஓர் இலக்கமாக மாற்றும். Senthil, Sendhil இரண்டுக்கும் S534 என்றே வரும். த என்ற ஒலியை th என்று எழுதினாலும் dh என்று எழுதினாலும் கவலையில்லை. ஆனால் ஆங்கிலக் காதுக்குச் செய்த கருவி நம் ச, ழ இரண்டிலும் தடுக்கி விழுகிறது. Senthur என்பது S536, Chendur என்பது C536. Tamil என்றால் T540, Thamizh என்றால் T520. ஒரே சொல் இரண்டாகிவிடுகிறது.

அடுத்தது எழுத்துவழி. தட்டச்சுப் பிழைகளில் சுமார் 80 சதவீதம் ஓர் எழுத்து மாறியது, விடுபட்டது, கூடியது, அல்லது அடுத்தடுத்த இரண்டு இடம் மாறியது என்ற வகைக்குள் அடங்குவதை பிரடெரிக் டமரோ 1964இல் காட்டினார். மறு ஆண்டு விளாதிமிர் லெவன்ஷ்டைன், ஒரு தொடரை இன்னொன்றாக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த மாற்றங்களை எண்ணும் அளவையை வரையறுத்தார். அவர் ஆராய்ந்தது செய்தி அனுப்பும்போது சிதையும் குறியீடுகளை. கடைப் பெயர்களை அல்ல. இன்றைய நிரல் தொகுப்புகள் பலவற்றின் அடித்தளம் இதுதான். நம் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்த மூன்று பெயர்கள் இவை:

```
1  sri senthil knits
2  shree senthil knit fab
3  sri senthur knits
```

1, 2 ஒரே கம்பெனி என்றும், 3 வேறு கம்பெனி என்றும் கொள்வோம். 1ஐ 3 ஆக்க இரண்டே மாற்றம் போதும். நீளம் 17, ஒப்புமை 0.88. 1ஐ 2 ஆக்க ஏழு மாற்றம் வேண்டும். நீளம் 22, ஒப்புமை 0.68. வேற்றுக் கம்பெனி நெருங்கி நிற்கிறது, சொந்தக் கம்பெனி தள்ளி நிற்கிறது. வெட்டுக்கோட்டை எங்கே போட்டாலும் இது சரியாகாது. டமரோ கண்ட பிழைகள் விரல் தவறியவை. இங்குள்ள வேறுபாடுகளோ ஒருவர் தெரிந்தே வேறு விதமாக எழுதியவை.

விடை இதற்கும் முன்பே பிறந்திருந்தது. கனடாவில் பிறப்பு, திருமணப் பதிவுகளை இணைத்த ஹோவர்ட் நியூகோம்பும் சகாக்களும், அரிய பெயர் ஒத்துப்போவது பொதுப்பெயர் ஒத்துப்போவதைவிட வலுவான சான்று என்று 1959இல் கணக்கிட்டுக் காட்டினர். 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் ஆவணத் தேடலில் சொற்களுக்கும் அதே நியாயத்தை வகுத்தார். திருப்பூர் வட்டாரத்தில் Sri, Knits, Garments ஆகியவை பல போர்டுகளில் உண்டு. 1000 பெயர் கொண்ட பட்டியலில் Knits 400 இடத்திலும் Senthil 10 இடத்திலும் வந்தால், 2ஐ அடியாகக் கொண்ட மடக்கைக் கணக்கில் எடை முறையே 1.3, 6.6. பொதுச்சொற்களை ஒதுக்கி மீண்டும் ஒப்பிட்டால் 1க்கும் 2க்கும் 1.0, 1க்கும் 3க்கும் 0.71. வரிசை நேராகிவிட்டது.

ஆனால் பொதுச்சொல்லை அடியோடு வெட்டுவதும் தவறு. Senthil Knits துணி பின்னுகிறது, Senthil Dyeing சாயம் போடுகிறது. தொழிலைச் சொல்லும் சொல்லைத் தனிப் பத்தியில் வைத்து ஒப்பிடுவதே சரி. முதலில் 641666 என்ற அஞ்சல் எண்ணால் பட்டியலைப் பிரித்துக்கொண்டால் ஒப்பிட வேண்டிய இணைகள் வெகுவாகக் குறையும். முகவரியில் எண் தவறியவை மட்டும் வெளியே நிற்கும். அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இருபக்கமும் ஜிஎஸ்டி எண் இருந்தால் அதுவே நல்ல சாட்சி. 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண். ஆயினும் ஒரே உரிமையாளர் ஒரே பான் எண்ணில் இரண்டு பெயர்ப்பலகை வைத்திருக்கலாம். வரம்புக்குக் கீழே தொழில் செய்யும் சிறிய ஜாப் ஒர்க் பட்டறைக்கு அந்த எண்ணே இல்லாமல் போகலாம். அங்கே மறுபடியும் பெயரைத்தான் நம்ப வேண்டும்.

1969இல் ஃபெல்லெகியும் சண்டரும் நியூகோம்பின் வழியைக் கணிதக் கோட்பாடாக்கியபோது, 'ஒன்றே', 'வேறு' என்ற இரண்டோடு 'மனிதர் பார்க்கட்டும்' என்ற மூன்றாவது தட்டையும் வைத்தார்கள். என் கணிப்பில், பெருமாநல்லூர்ப் பட்டியலுக்கு மிகவும் தேவையான பகுதி அதுதான். கோட்டுக்கு அருகில் விழும் இணைகளை அச்சிட்டு, ஊரறிந்த ஒருவரிடம் கொடுத்தால், செந்தில் எது, செந்தூர் எது என்று படித்த மாத்திரத்தில் பிரித்துவிடுவார்.