குவிக் அசிஸ்ட்: விண்டோஸின் தொலை உதவிக் கருவி

குவிக் அசிஸ்ட் என்பது ஒருவருடைய கணினித் திரையை வேறோர் ஊரில் இருப்பவர் இணையம் வழியாகப் பார்த்து, உரிமையாளரின் ஒப்புதலுடன் இயக்குவதற்கு மைக்ரோசாஃப்ட் தரும் செயலி. விண்டோஸில் இது Quick Assist என்ற பெயரில் இருக்கும்.

இதன் மூத்த வடிவம் 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த ரிமோட் அசிஸ்டன்ஸ். உதவி வேண்டுபவர் ஓர் அழைப்புக் கோப்பை உருவாக்கி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். உதவுபவரின் கணினி அந்தக் கணினியோடு நேரடியாகத் தொடர்பு கொள்ளும். வீடுகளில் ரூட்டர் பரவியபின் இந்த முறை திணறியது. வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் உள்ளே விடாது. கணினியே புரியாமல் உதவி கேட்பவரிடம் ரூட்டர் அமைப்பை மாற்றச் சொல்லவும் முடியாது. 2009இல் விண்டோஸ் 7 அழைப்புக் கோப்புக்குப் பதில் கடவுச்சொல் மட்டும் போதும் என்ற வசதியைக் கொண்டுவந்தது. ஆனால் அதற்குத் தேவையான ஐபிவி6 தொடர்பு பல வீடுகளில் இல்லை.

2016இல் விண்டோஸ் 10இன் ஆண்டு நிறைவுப் பதிப்போடு வந்த குவிக் அசிஸ்ட் இந்தச் சிக்கலைச் சுற்றிப் போனது. இரு கணினிகளும் மைக்ரோசாஃப்டின் இடைநிலைச் சர்வரைத் தாமே தொடர்புகொள்கின்றன. சாதாரண இணையப் பக்கங்கள் வரும் 443ஆம் போர்ட்டே இதற்கும் பயன்படுவதால் ரூட்டர் குறுக்கே நிற்பதில்லை. 2022 முதல் இது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கப்படும் செயலியாகிவிட்டது. விண்டோஸ் 10 கணினிகள் சிலவற்றில் இதை ஸ்டோரிலிருந்து நிறுவ வேண்டியிருக்கும்.

கோயம்புத்தூரில் இருக்கும் ஒருவர், திருநெல்வேலியில் தம் பெரியப்பாவின் பிரிண்டர் அச்சிடாமல் நிற்பதைச் சரிசெய்வதாகக் கொள்ளலாம். இருவரும் முதலில் கைபேசியில் பேசிக்கொள்வது நல்லது. பாதி வேலை பேச்சில்தான் நடக்கும். பின் இருவரும் Ctrl, Windows, Q விசைகளைச் சேர்த்து அழுத்திச் செயலியைத் திறக்க வேண்டும். உதவுபவர் Help someone என்பதை அழுத்தித் தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறார். பெரியப்பாவுக்குக் கணக்கு தேவையில்லை. உதவுபவருக்கு ஆறு எழுத்துக் குறியீடு ஒன்று கிடைக்கும்; அது பத்து நிமிடத்தில் காலாவதியாகும். பெரியப்பா அதைத் தம் திரையில் தட்டச்சு செய்து Submit அழுத்தி, திரையைப் பகிர ஒப்புக்கொண்டதும் படம் தெரியத் தொடங்கும்.

இந்தக் கட்டத்தில் பார்க்க மட்டுமே முடியும். உதவுபவர் Request control கொடுத்து, பெரியப்பா Allow அழுத்தினால்தான் மவுசும் விசைப்பலகையும் கைமாறும்.

அச்சு வரிசையில் பழைய கோப்பு ஒன்று சிக்கிக்கொண்டிருந்தால், கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து வரிசையைக் காலி செய்யலாம்:

```
net stop spooler
del /Q %systemroot%\System32\spool\PRINTERS\*
net start spooler
```

கமாண்ட் பிராம்ப்டை அப்படித் திறக்கும்போது உதவுபவரின் திரை சட்டென்று கறுத்துவிடும். இணைப்பு அறுந்துவிட்டது என்று பலரும் நினைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். உண்மையில், "இந்தச் செயலி கணினியில் மாற்றம் செய்யலாமா" என்று விண்டோஸ் கேட்கும் பெட்டி தனிப் பாதுகாப்புத் திரையில் வருகிறது. அந்தத் திரை தொலைவில் இருப்பவருக்குக் காட்டப்படுவதில்லை. பெரியப்பா Yes அழுத்தியதும் படம் திரும்பும். அவருடைய கணக்கு நிர்வாகி கணக்காக இல்லாவிட்டால் அந்தப் பெட்டி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது வீட்டில் யாருக்கும் நினைவில்லை என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். இதை முன்கூட்டியே கேட்டுவைப்பது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

ஒவ்வொரு படியிலும் எதிர்முனையில் ஒருவர் உட்கார்ந்து ஒப்புதல் தர வேண்டும் என்பது இந்தக் கருவியின் அடிப்படை வடிவமைப்பு. ஆளில்லாத கணினிக்குள் இரவில் நுழைந்து வேலை பார்க்க இதனால் முடியாது. கோப்புகளை அனுப்பும் வசதியும் இல்லை. மின்னஞ்சலோ மேகச் சேமிப்போ தேவைப்படும்.

இருந்தாலும் ஒப்புதல் தருபவரையே ஏமாற்றிவிட்டால் இந்தக் காவல் பயனற்றது. ஸ்டார்ம்-1811 என்று தான் பெயரிட்ட குற்றக் குழு, தொழில்நுட்ப உதவியாளர் போலத் தொலைபேசியில் பேசி, குவிக் அசிஸ்ட் வழியாக நுழைந்து பிளாக் பாஸ்டா ரான்சம்வேரைப் பரப்பியதாக 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. குறியீட்டைத் தருபவர் எப்போதும் உதவுபவர்தான் என்பதால், ஏமாற்றுக்காரரும் அதே இடத்தில்தான் நிற்கிறார். குறியீட்டைப் பார்த்து உண்மையான உறவினரா என்று கண்டறிய வழியில்லை. உதவி பெறுபவர் தாமே அந்த உறவினரை அவருடைய பழைய எண்ணில் அழைத்துத் தொடங்கினால் மட்டுமே அந்த ஐயம் நீங்கும்.

இணையமே வராத கணினிக்கும், விண்டோஸ் தொடங்காமல் நீலத் திரையில் நிற்கும் கணினிக்கும் குவிக் அசிஸ்ட் உதவாது. அப்போது அந்தத் திரையைக் கைபேசிக் காணொளி அழைப்பில் காட்டி, உதவுபவர் சொல்லச் சொல்ல உரிமையாளரே செய்ய வேண்டியிருக்கும்.