முகத்தை விட்டு விலகும் நான்கு நொடிகள்

சிவகாசியைப் பற்றிய எந்த ஆவணப்படத்தையோ செய்தித் தொகுப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காமிராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். நடுவில் படம் அவர் முகத்தை விட்டு நகரும். காகிதக் குழாய் உருட்டும் விரல்கள், வெயிலில் காயும் சரங்கள், வேப்பமரத்தடியில் ஒரு சைக்கிள். குரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நாலைந்து நொடியில் மறுபடி முகம் வரும். நாம் அதை ஊரைக் காட்டும் அழகு என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது ஒரு தையல். அந்த இடத்தில் பேச்சு வெட்டப்பட்டிருக்கிறது. தொழிலில் அதற்குக் கட்அவே என்று பெயர்.

இந்தப் பழக்கம் சோம்பலில் பிறந்ததல்ல. 16 எம்எம் ஃபிலிம் காலத்தில் 400 அடிச் சுருள் ஒன்று நொடிக்கு 24 சட்டம் என்ற வேகத்தில் சுமார் 11 நிமிடம் ஓடும். அதற்குள் பேசுகிறவர் இருமுவார், சொன்னதையே சொல்வார், முக்கியமான இடத்தில் சுருள் தீரும். காமிரா ஒன்றுதான், கோணமும் ஒன்றுதான். நடுவில் பத்து வாக்கியத்தை எடுத்துவிட்டு மீதியை ஒட்டினால் தலை சட்டென்று இடம் மாறும், கண் துள்ளும். அதுதான் ஜம்ப் கட். குரல் தனியே டேப்பில் பதிவாகியிருந்ததால் படத்தைத் தொடாமல் பேச்சை மட்டும் ஒட்ட முடிந்தது. ஒட்டிய இடத்தின் மேல் வேறொரு காட்சியைப் போர்த்தினால் துள்ளல் மறைந்துவிடும்.

ஆனால் ஒட்டு மறையும்போது, அங்கே ஒட்டு இருக்கிறது என்ற செய்தியும் சேர்ந்து மறைகிறது. இது பெரிய வழக்காக வெடித்தது அமெரிக்காவில். 1971 பிப்ரவரி 23 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி ‘தி செல்லிங் ஆஃப் தி பென்டகன்’ என்ற ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. ராணுவம் மக்கள் பணத்தில் தன்னை எப்படி விளம்பரம் செய்துகொள்கிறது என்பது அதன் பொருள். அதில் பாதுகாப்புத் துறை அதிகாரி டேனியல் ஹென்கின் ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலோடு, வேறொரு கேள்விக்குச் சொன்ன பதிலின் வாக்கியங்கள் ஒட்டப்பட்டிருந்தன. பார்த்தவர்களுக்கு அது ஒரே பேச்சு. ஒளிபரப்பாகாத மிச்சப் பதிவுகளைத் தரச் சொல்லி நாடாளுமன்றக் குழு சம்மன் அனுப்பியது. சிபிஎஸ் தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டன் மறுத்தார். அவர்மேல் அவமதிப்பு நடவடிக்கை எடுக்கும் முயற்சி 1971 ஜூலையில் 226க்கு 181 என்ற வாக்கில் தோற்றது. பத்திரிகைச் சுதந்திரம் தப்பித்தது, சரிதான். ஒட்டியது நியாயமா என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

நம்மூருக்கு வருவோம். சிவகாசியில் ஒருவர் காமிரா முன் சொல்வது வெறும் பேச்சல்ல, சாட்சியம். சலம் பென்னூர்க்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ 1990இல் வெளிவந்தது. தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளின் சிறார் உழைப்பை வெளியூர்க்காரர்கள் கண்ணால் பார்க்க வைத்த படம் அது. அதே பிரச்சினையில் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இப்படிப்பட்ட ஊரில் ‘யார், எப்போது, எந்த வேலை’ என்ற மூன்றில் ஒன்று பேச்சிலிருந்து உதிர்ந்தால் சாட்சியமே வேறாகிவிடும்.

நான் தொகுத்த ஒரு பதிவைச் சொல்கிறேன். சிவகாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பட்டாசு வேலையை விட்டுப் பல வருடமான ஒரு அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியது. மூன்று நிமிடம், ஒரே காமிரா. அதை நாற்பது நொடியாக்க வேண்டும். அவர் சொன்னதன் நடுப்பகுதி இது:

“மருந்து ரூமுக்குள்ள புள்ளைகள விடமாட்டாங்க தம்பி. குழாய் உருட்ட, பெட்டி ஒட்ட வீட்டுக்குக் குடுத்து விடுவாங்க. என் புள்ளைக ரெண்டும், அதான் பெரியவளும் சின்னவனும், ரெண்டும் செஞ்சிச்சுக. ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து செய்யுங்க. அது எம்பத்தெட்டு, எம்பத்தொம்பதுல. இப்ப எங்க தெருவுல அப்படி இல்ல.”

முதலில் படத்தைப் பார்க்காமல் பேச்சை மட்டும் வெட்டுவேன். “அதான் பெரியவளும் சின்னவனும், ரெண்டும்” என்பதை எடுத்தால் பொருளுக்குச் சேதமில்லை. வெட்டை மூச்சு இழுக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும். மூச்சின் நடுவில் வெட்டினால் காது கண்டுபிடித்துவிடும். பிறகு பின்னணிச் சத்தம். யாரும் பேசாமல் அதே திண்ணையில் முப்பது நொடி பதிந்து வைத்த அமைதியை அடியில் ஓடவிட்டால், ஒட்டின் இருபுறமும் ஒரே காற்று வீசுவது போலிருக்கும். கடைசியாகத்தான் படம். வெட்டுக்கு அரை நொடி முன்னாலேயே அவருடைய கைகளுக்குப் போய், வெட்டைத் தாண்டி ஒரு சொல் முடிந்த பிறகு முகத்துக்குத் திரும்புவேன். வெட்டு விழும் அதே சட்டத்தில் காட்சியும் மாறினால், மறைக்க வந்ததே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது அதே கத்தரியைக் கடைசி இரண்டு வாக்கியத்தில் வையுங்கள். “உக்காந்து செய்யுங்க” என்பதோடு நிறுத்தி, அடுத்து அவர் கூலியைப் பற்றிப் பேசும் இடத்தை ஒட்டி, நடுவில் போன வாரம் எடுத்த ஒரு குழாய் உருட்டும் கையைப் போர்த்தலாம். ஒட்டு முதல் வெட்டைப் போலவே சுத்தமாக இருக்கும். ஆனால் 1988 இன்றைக்கு வந்துவிடும். அவர் பொய் சொல்லவில்லை, அவர் சொல்லாத ஒரு சொல்லும் படத்தில் இல்லை. ஆண்டைச் சொன்ன வாக்கியம் போய்விட்டது; அதன் இடத்தில் இன்றைய கை வந்து உட்கார்ந்து, காலத்தை அதுவே சொல்கிறது. இருமலை எடுத்த வெட்டும் காலத்தை எடுத்த வெட்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். அந்த இரண்டு வாக்கியத்தையும் போர்வையில்லாமல், அவர் முகத்திலேயே முழுசாக விட்டேன்.

போர்த்தும் காட்சிக்கும் ஒரு வாய் உண்டு என்பதை வெளியூர்க் குழுக்கள் மறந்துவிடுகின்றன. மருந்து புழங்கும் அறைக்குள் விளக்கையும் பேட்டரியையும் கொண்டுபோக முடியாது. ஆகவே கிடைத்த இடத்தில் கிடைத்ததை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். பட்டாசைப் பற்றிய பேச்சின் மேல் தீக்குச்சி அடுக்கும் காட்சி வந்து விழுகிறது. சென்னையில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். சாத்தூரில் பார்ப்பவர் சிரித்துவிடுவார். அலுமினியப் பொடி புழங்கும் கை வெள்ளி பூசியதுபோல் மின்னும். தீப்பெட்டி ஒட்டும் கை அப்படி இருக்காது. கையைப் பார்த்தே வேலையைச் சொல்லும் ஊர் இது.

வெட்டை மறைக்காமலே விட்டவர்களும் உண்டு. எரால் மாரிஸ் 2003இல் எடுத்த ‘தி ஃபாக் ஆஃப் வார்’ படத்தில் மக்னமாராவின் முகம் வெளிப்படையாகவே துள்ளுகிறது. இன்று யூடியூபில் பேசுகிறவர்களும் துள்ளலை அப்படியே விடுகிறார்கள். அழகு கெடுகிறது, ஆனால் எங்கே வெட்டியிருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிகிறது.

மறைத்த ஒட்டைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிடக் காது உதவும். முகம் விலகும் அந்த நொடிகளில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கேள்விபோல் ஏறிய குரல் பதிலில்லாமல் இறங்குகிறதா? தூரத்தில் அகவிக்கொண்டிருந்த மயில் பாதியில் நின்றுவிட்டதா? முகம் திரும்பும்போது சுவரில் விழுந்த வெயில் ஒரு சாண் நகர்ந்திருக்கிறதா, டீ கிளாஸ் காலியாகியிருக்கிறதா? அப்படியானால் அந்தக் கைகளுக்குக் கீழே சில நிமிடங்கள் கிடக்கின்றன. அவற்றில் இருந்தது ஓர் இருமலா, ஓர் ஆண்டா என்பதை முழுப் பதிவு மட்டுமே சொல்லும். அதனால்தான் எடுத்து எறிந்த இரண்டு நிமிடம் இருபது நொடியையும் நான் அழிப்பதில்லை.