வாழைத்தண்டு ஜூஸும் ஒரு கிட்னியும்

திருச்சிக்காரங்ககிட்ட வாழையைச் சாப்பிடாதீங்கன்னு சொல்றது கஷ்டம். காவிரிக் கரை முழுக்கத் தோட்டம். தேசிய வாழை ஆராய்ச்சி மையமே 1993ல் இங்கேதான் வந்தது. ஆனாலும் சிலரிடம் சொல்லத்தான் வேண்டியிருக்கு. ஏன்னு ஒரு பழைய கதையிலிருந்து வருவோம்.

1928. கனடாவில் அடிசன் என்ற மருத்துவர் (அட்ரீனல் நோய்க்குப் பெயர் கொடுத்த அடிசன் இல்லை, இவர் வேற) ரத்த அழுத்த நோயாளிகளுக்குப் பொட்டாசியம் உப்பு கொடுத்துப் பார்த்தார். பிரஷர் குறைந்தது. சாதாரண உப்பு கொடுத்தால் ஏறியது. பல வருஷம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2021ல் சீனாவில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வு வெளியானது. சுமார் 21,000 பேர். பாதி கிராமங்களில் உப்பில் கால் பங்கை பொட்டாசியம் குளோரைடாக மாற்றிக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 5 வருஷத்தில் பக்கவாதம் 14% குறைவு. அடிசன் சொன்னது சரிதான்!

ஆனால் கடுமையான கிட்னி நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. செய்தியில் அந்த வரி மட்டும் காணாமல் போய்விடுகிறது.

காரணம் இதுதான். பொட்டாசியம் பிரஷரைக் குறைப்பதில் பெரும்பங்கு கிட்னி வழியாகத்தான். பொட்டாசியம் அதிகம் வந்தால், கிட்னி சோடியத்தைக் கூடுதலாக வெளியே தள்ளும். மிஞ்சிய பொட்டாசியத்தையும் அதுவேதான் வெளியேற்றும். கிட்னி பழுதானால் முதல் லாபம் குறைந்துவிடும். பொட்டாசியம் ரத்தத்திலேயே தேங்கும்.

ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர். 15 வருஷ சர்க்கரை, கிரியாட்டினின் 3.4, பிரஷருக்கு டெல்மிசார்ட்டன். அந்த மாத்திரையும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். "கிட்னிக்கு நல்லது சார்" என்று யாரோ சொல்ல, தினமும் வாழைத்தண்டு ஜூஸ், ஒரு இளநீர். மகன் வாங்கி வந்த லோ சோடியம் உப்பு வேறு. பத்தாவது நாள் கால் துவண்டு எழ முடியவில்லை. ஈசிஜியில் டி அலை கூடாரம் மாதிரி கூராக நின்றது. பொட்டாசியம் 7.2. சாதாரணமாக 3.5 முதல் 5 வரைதான் இருக்கணும்.

கால்சியம் குளுக்கோனேட் ஊசி போட்டோம். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தை மட்டும் காக்கும். பிறகு குளுக்கோஸோடு இன்சுலின். அது பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும், ஆனால் சில மணி நேரத்துக்குத்தான். உடம்பை விட்டு வெளியேற்ற டயாலிசிஸ்தான் வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார்.

இதில் மோசமானது, பெரும்பாலும் முன்கூட்டி அறிகுறியே இருக்காது. சிலருக்குக் கால் பலவீனம், சிலருக்குப் படபடப்பு, சிலருக்கு நேராக மயக்கம். ரத்தப் பரிசோதனைதான் வழி.

கிட்னி நோயாளிகள் எல்லோருக்கும் வாழைப்பழம் தடை என்றும் இல்லை. பொட்டாசியம் அளவு நார்மலாக இருப்பவருக்குத் தேவையில்லாமல் பழத்தைப் பிடுங்க வேண்டாம். அளவு ஏறியவர்கள் காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். ஜூஸுக்கு அந்த வழி கிடையாது. அதில் கரைந்திருப்பது எல்லாமே உள்ளே போகும்.

பெரியவர் வீட்டு உப்புப் பாக்கெட்டைப் பிறகு எடுத்து வரச் சொல்லிப் பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடு என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. முன்பக்கம் பெரிதாக ஒரு இதயப் படம்.